28, 29, 28: ஒரு மார்க்கை நம்பி கார் வாங்கலாமா?

*ஐயா, சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். நான், கணவர், 11 வயது மகள், 3 வயது மகன், முழங்கால் ஆபரேஷன் ஆன மாமியார். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கும். அதில் இரண்டு தடவை ஏற்காடு, கொழுந்தனார் வீட்டுக்கு. 12 லட்சத்துக்கு மேல் எங்களால் முடியாது. வாங்கினால் பத்து வருடமாவது வைத்திருப்போம். மூன்று கார்களைத் தேர்ந்தெடுத்து, பட்ஜெட், பாதுகாப்பு, இடவசதி, ஓட்டச் செலவு என்று நான்குக்கும் பத்துக்கு மார்க் போட்டோம். கூட்டினால் 28, 29, 28. ஒரு மார்க் கூட இருக்கிறது என்று 29ஐ வாங்கிவிடலாமா? தாளை இணைத்திருக்கிறேன். — ஒரு வாசகி*

வேண்டாம். 29 வாங்கிய வண்டி மோசம் என்று சொல்லவில்லை. அந்த 29க்கு அர்த்தமே இல்லை என்கிறேன்.

நீங்கள் அனுப்பிய தாளைப் பாருங்கள். பன்னிரண்டு கட்டம் இருக்கிறது, எல்லாவற்றிலும் 6, 7, 8, 9 தவிர வேறு எண்ணே இல்லை. பிடித்துப்போய்த்தானே மூன்றையும் தேர்ந்தெடுத்தீர்கள்? பிடித்த காருக்கு யாரும் 2 போட மாட்டார்கள். அப்படி எல்லா மார்க்கும் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கும்போது, யாரோ ஒருவர் ஒரு கட்டத்தில் தாராளமாகப் போட்ட மார்க்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. ஓட்டச் செலவில் அந்த 9 யார் போட்டது என்று போனில் கேட்டேன். "சிஎன்ஜி என்றதும் அவரே எழுதிட்டாருங்க" என்றீர்கள். ஆக, உங்கள் 29 அவருடைய அந்த நிமிட உற்சாகம்.

நான் முப்பது வருடமாக இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் நசுங்கிய வண்டியைப் பார்த்து மதிப்புப் போடுவது என் வேலை. அதனால் வாங்கும்போது ஜனங்கள் எதைப் பார்க்கிறார்கள், வாங்கிய பிறகு எது இடிக்கிறது என்று ஓரளவு தெரியும். கார்களின் பெயரை நான் இங்கே எடுத்துவிட்டேன், நீங்களும் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். பெயர் இருந்தால் ஷோரூம் பையனின் குரலும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஸ்யூவி, பெட்ரோல்: அது 'அ'. கம்பெனியிலேயே சிஎன்ஜி பொருத்தி வரும் சின்ன செடான்: 'ஆ'. ஏழு பேர் உட்காரும் பெட்ரோல் வண்டி: 'இ'.

தாளை நடுவில் மடியுங்கள். மேல் பாதியில் மார்க் கிடையாது, ஆம் அல்லது இல்லை மட்டும். இல்லை என்று வந்தால் அந்த வண்டி அங்கேயே நின்றுவிடும், கீழே வராது. உங்கள் பழைய தாளின் பெரிய கோளாறு இதுதான். 12 லட்சத்துக்கு மேல் முடியாது என்று எழுதுகிறீர்கள், ஆனால் பட்ஜெட்டுக்கு மார்க் போட்டு, அந்தக் குறையை இடவசதியின் 9 வந்து ஈடுகட்ட விடுகிறீர்கள். முடியாத விலை முடியாததுதான், டிக்கி எவ்வளவு பெரியதாக இருந்தால் என்ன?

உங்கள் 'இ' அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறது. தாண்டியது உங்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் தாளில் ஷோரூம் விலையை எழுதியிருக்கிறீர்கள், 10,15,000 என்று. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து காருக்கான ஆயுள் வரி படிப்படியாக ஏறுகிறது: 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் 18 என்று நினைத்துவிடாதீர்கள். முழு விலைக்கும் 18. ஆகவே 'இ'க்கு வரி மட்டும் 1,82,700. இன்சூரன்ஸ், பதிவு, மற்றதெல்லாம் சேர்த்து உங்கள் கொட்டேஷனில் 58,000. மொத்தம் 12,55,700. இது தவிர 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் வருமான வரிக்கென்று டீலர் பிடித்துக்கொள்வார். அது பிறகு ரிட்டர்னில் கழிந்துவிடும் என்றாலும், வண்டி எடுக்கும் அன்று கையிலிருந்து போகும்.

அதே 'இ'யில் ஒரு படி கீழே உள்ள வேரியன்ட் 9,85,000. வரி 13 சதவீதம், 1,28,050. மற்றது 57,000. மொத்தம் 11,70,050. விலையில் 30,000தான் குறைந்தது, ஆன்ரோடில் 85,650 குறைந்துவிட்டது. அதில் 54,650 வரி மட்டும். 10 லட்சத்தை ஒட்டி நிற்கும் எந்த வண்டிக்கும் இதை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கீழ் வேரியன்டில் எதை எடுத்துவிட்டார்கள் என்றும் பாருங்கள். உங்கள் 'இ'யில் பின் கண்ணாடி வைப்பரும் டீஃபாகரும் போய்விடுகின்றன. சேலத்துக்குள் ஓட்டினால் பரவாயில்லை. மாதம் இரண்டு தடவை ஏற்காடு போகிறவர்களுக்குப் பனிமூட்டத்தில் பின்கண்ணாடி வெள்ளைக் காகிதம் மாதிரி ஆகிவிடும். அது விலக்கும் அளவுக்குப் பெரிய குறையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் 'ஆம்' பக்கம் போட்டு, ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறேன். தாளில் இனிமேல் கார் பெயருக்குப் பதில் வேரியன்டைத்தான் எழுத வேண்டும்.

கொட்டேஷன் என்றதும் ஒன்று. பல வருடங்களுக்கு முன்பு நான் வாங்கிய வண்டிக்கு ஆன்ரோடு விலையை வாய்ச்சொல்லாக வாங்கிக்கொண்டு வந்து தாளில் எழுதினேன். டெலிவரி அன்று ஹேண்ட்லிங் சார்ஜ், ஆக்சஸரி பேக் என்று 38,000 சேர்ந்துவிட்டது. மாலையும் எலுமிச்சம்பழமும் தயாராக இருக்க, வீட்டார் எல்லாரும் நிற்க, அங்கே வைத்து யார் சண்டை போடுவார்கள்? நானும் போடவில்லை. வண்டி விலை, வரி, இன்சூரன்ஸ், பதிவு தவிர வேறு எந்தத் தொகை இருந்தாலும் அது எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் மற்ற இரண்டு கொட்டேஷனும் சுத்தமாக இருக்கின்றன. 'அ' 10,21,800, 'ஆ' 10,61,350.

பாதுகாப்பில் மேல் பாதிக்கு மூன்று கேள்வி வைத்தேன். வண்டி சறுக்கும்போது தானாகச் சக்கரத்துக்குச் சக்கரம் பிரேக் பிடிக்கும் இஎஸ்சி, நீங்கள் வாங்கும் வேரியன்டில் இருக்கிறதா? பின் சீட் நடுவில் உட்காருபவருக்கும் தோளைத் தாண்டி வரும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா? பையனின் சைல்டு சீட்டை மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா? மூன்று வண்டியிலும் இருக்கிறது, சரி.

கீழ் பாதிக்கு வரும்போதுதான் உங்கள் தாளில் ஒரு வேடிக்கை. 'அ'க்கு 8, 'ஆ'வுக்கு 6, 'இ'க்கு 7. ஆனால் பக்கத்திலேயே நீங்கள் எழுதியிருக்கும் மோதல் சோதனை நட்சத்திரம் 5, 4, 3. மூன்று நட்சத்திரத்துக்கு 7, நான்கு நட்சத்திரத்துக்கு 6 எப்படி? "பெரிய வண்டியாச்சே" என்றீர்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டு வண்டி நேருக்கு நேர் மோதினால் கனமான வண்டிக்காரருக்கு அனுகூலம். அதனால்தான் எடையில் ரொம்ப வித்தியாசப்படும் வண்டிகளின் நட்சத்திரத்தை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்பார்கள். ஆனால் ஏற்காட்டு மலைப்பாதையில் இடிப்பது தடுப்புச் சுவரிலும் மரத்திலும் பாறையிலும். அங்கே உங்கள் எடை உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும், அந்த வேகத்தை உங்கள் வண்டியின் கூடுதான் தாங்கியாக வேண்டும். நான் பார்க்கப்போகும் வண்டிகளில் முதலில் பார்ப்பது முன் கண்ணாடி ஓரத்துத் தூணும், டிரைவர் கால் வைக்கும் தரையும். பானெட் முழுக்க சுருங்கியிருந்தும் இந்த இரண்டும் நேராக நின்றால், உள்ளே இருந்தவர் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வீட்டுக்கு வந்திருப்பார். பெரிய வண்டி, சின்ன வண்டி என்று அந்தத் தூண் பார்ப்பதில்லை.

நட்சத்திரத்தைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது. முன்பக்க மோதல் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், பக்கவாட்டு மோதல் 50ல். பெரியவர்களுக்குத் தனி நட்சத்திரம், குழந்தைகளுக்குத் தனி நட்சத்திரம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரியவர்களுடையதை. மூன்று வயதுப் பையன் இருக்கும் வீட்டில் நீங்கள் தேட வேண்டியது இரண்டாவது. அதற்கு முன்பு நம் ஊர் வண்டிகளுக்கு குளோபல் என்கேப் நட்சத்திரம் கொடுத்துவந்தது, அவர்கள் 2022ல் விதியைக் கடுமையாக்கினார்கள். அதற்கு முந்தைய 5 நட்சத்திரமும் பிந்தைய 5 நட்சத்திரமும் ஒன்றல்ல. உங்கள் மூன்று வண்டிக்கும் சோதனை நடந்த வருடத்தை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். மூன்றும் புதிய விதிக்குப் பிறகுதான், குழந்தை நட்சத்திரமும் அதே வரிசையில்தான் போகிறது. ஆகவே வரிசை அ, ஆ, இ. இதில் சந்தேகம் இல்லை.

இடவசதிக்கு மார்க்கை யோசித்துப் போடாதீர்கள், டேப் எடுத்து அளந்து போடுங்கள் என்று சொன்னேன். போன ஞாயிறு நீங்கள் மாமியாரையும் வாக்கரையும் சைல்டு சீட்டையும் கூட்டிக்கொண்டு மூன்று ஷோரூமுக்கும் போய்வந்தது பெரிய காரியம். மாமியார் சாப்பாட்டு மேசையில் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழும் நாற்காலியின் உயரம் 50 செ.மீ. வண்டிகளின் முன் சீட்டு ஓரம் தரையிலிருந்து 'அ'வில் 62, 'ஆ'வில் 49, 'இ'யில் 60. எண்ணைப் பார்த்தால் 49தான் பொருத்தம் என்று தோன்றும். ஆனால் செடானில் கூரையும் தாழ்வு. தலையைக் குனிந்துகொண்டு, காலை மடக்கிக்கொண்டு உள்ளே போய், திரும்ப வரும்போது கதவைப் பிடித்துத் தொங்கித்தான் எழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். 62லும் 60லும் முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்பிக்கொண்டாராம். முழங்கால் ஆபரேஷன் ஆனவர்களுக்கு அதுதான் சரியான முறை. அவரே கண்டுபிடித்துவிட்டார்.

மடக்கிய வாக்கர் 'அ'வின் டிக்கியில் படுக்கையாகப் போனது, மேலே இரண்டு பை வைக்க இடம் இருந்தது. 'ஆ'வில் சிலிண்டர் பாதி டிக்கியைப் பிடித்துக்கொண்டது. வாக்கர் நுழைந்தது, அதன் பிறகு ஒரு பைகூட நுழையவில்லை. (சில கம்பெனிகள் இப்போது இரண்டு சின்ன சிலிண்டரைத் தரைக்கு அடியில் படுக்க வைக்கின்றன. அப்படிப்பட்ட வண்டியாக இருந்தால் இந்த வரியே மாறியிருக்கும்.) 'இ'யில் மூன்றாம் வரிசையை மடக்கினால் வீட்டையே ஏற்றலாம், நிமிர்த்தினால் வாக்கரைச் செங்குத்தாகச் செருகத்தான் இடம்.

சைல்டு சீட் சோதனை யாரும் செய்யாதது, நீங்கள் செய்தீர்கள். மாமியார் முன் சீட்டில். பின்னால் இடப்பக்கம் பையன், வலப்பக்கம் மகள், நடுவில் நீங்கள். 'அ'வில் சைல்டு சீட்டின் அடிப்பாகம் நடு பெல்ட்டின் பக்கிளை மூடிக்கொண்டது, கையை விட்டுத் துழாவித்தான் மாட்ட முடிந்தது. இது சின்ன விஷயமாகத் தெரியும். பத்து நாள் துழாவுவீர்கள், பதினோராம் நாள் பெல்ட் போடாமல் உட்கார்ந்துவிடுவீர்கள். நீங்களும் மகளும் இடம் மாறி உட்கார்ந்து பாருங்கள், அவளுடைய ஒல்லியான கைக்கு அது சுலபமாக மாட்டலாம். 'இ'யில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் போர்டிகோ 4.5 மீட்டர் ஆழம். 'இ' 4.4 மீட்டர். உள்ளே நுழையும், கேட்டும் சாத்தலாம், ஆனால் டிக்கிக் கதவைத் திறக்க இடம் இருக்காது. வாக்கரை எடுக்க ஒவ்வொரு தடவையும் வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் கணவர் "பக்கத்துக் காலி மனையில் நிறுத்திக்கலாம்" என்கிறார். மனைக்காரர் வீடு கட்டும்வரை சரி.

இப்போது பணம். பட்ஜெட் ஒரு பத்தி, ஓட்டச் செலவு ஒரு பத்தி என்று வைத்திருந்தீர்கள். இரண்டும் ஒரே சட்டைப்பையிலிருந்து போகிற ரூபாய்தான். ஒன்றாகக் கூட்டி ஐந்து வருடச் செலவு என்று ஒரே எண்ணாக ஆக்கிவிடலாம். மாதம் 800 என்றால் ஐந்து வருடத்தில் 48,000 கிலோமீட்டர். மைலேஜுக்கு விளம்பர எண்ணை எடுக்காதீர்கள், அது சோதனைக்கூட எண். உங்கள் தெருவில் அதே வண்டி வைத்திருப்பவரிடம், டேங்கை வழிய நிரப்பி, ஓட்டிவிட்டு, மறுபடி வழிய நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று கேளுங்கள். அப்படி நீங்கள் கேட்டு வாங்கியது: 'அ' லிட்டருக்கு 14, 'இ' 12.5, 'ஆ' கிலோவுக்கு 22. பெட்ரோல் 102 ரூபாய், சிஎன்ஜி கிலோ 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். விலை மாறினால் அந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். 'ஆ'வில் பத்தில் ஒரு பங்கு ஓட்டத்தைப் பெட்ரோலில் போட்டிருக்கிறேன், காரணம் பிறகு சொல்கிறேன். எரிபொருள் மட்டும் ஐந்து வருடத்துக்கு 'அ' 3.50 லட்சம், 'ஆ' 2.16 லட்சம், 'இ' 3.92 லட்சம். சர்வீஸ், இன்சூரன்ஸ் புதுப்பிப்பு, டயர் எல்லாம் சேர்த்து முறையே 1.50, 1.60, 1.75 என்று மதிப்பிட்டேன். 'ஆ'வுக்குக் கொஞ்சம் கூட்டியது, சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்பதால். பத்து வருடம் வைத்திருக்கப் போவதால் திரும்ப விற்கும் விலையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆன்ரோடு விலையோடு கூட்டினால் 'அ' 15.22 லட்சம், 'ஆ' 14.37, 'இ' 17.37. மலிவுக்கும் விலை கூடியதற்கும் இடைவெளி சரியாக 3 லட்சம். அறுபது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 5,000 ரூபாய். வீட்டில் பேசும்போது இந்த மாதக் கணக்கைப் பேசுங்கள், லட்சத்தில் பேசினால் யாருக்கும் உறைப்பதில்லை.

இனி மார்க். ஒவ்வொரு வரியிலும் மூன்றில் சிறந்ததற்கு 10, மூன்றில் கடைசிக்கு 0, நடுவில் நிற்பது எங்கே நிற்கிறதோ அங்கே. 0 என்றால் மோசம் என்று பொருளில்லை, மேல் பாதியைத் தாண்டி வந்த வண்டிதானே. இந்த மூன்றில் கடைசி, அவ்வளவுதான். பணத்தில் 'அ' 17.37லிருந்து 2.15 லட்சம் கீழே, 3 லட்சத்தில் 2.15 என்றால் பத்துக்கு 7. இடவசதியில் 'அ'வுக்கு 4 என்று நீங்கள் இருவரும் சேர்ந்து சொன்னீர்கள்.

| | அ | ஆ | இ |
|---|---|---|---|
| பாதுகாப்பு | 10 | 5 | 0 |
| ஐந்து வருடச் செலவு | 7 | 10 | 0 |
| இடவசதி | 4 | 0 | 10 |

இந்த மூன்று வரியில் எதற்கு எவ்வளவு எடை? எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். "எது முக்கியம்?" என்று கேட்டால் பாதுகாப்பு என்றுதான் எந்தத் தாயும் சொல்வாள். அது தப்பான கேள்வி. மூன்று வண்டியுமே 5 நட்சத்திரமாக இருந்தால் பாதுகாப்புக்கு 80 எடை கொடுத்தாலும் அது எதையும் தேர்ந்தெடுத்துத் தராது. கேட்க வேண்டியது இடைவெளியை. எல்லாவற்றிலும் கடைசியாக இருக்கும் ஒரு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: மூன்று நட்சத்திரம், மாதம் 5,000 அதிகம், வாக்கரோடு டிக்கி நிறைந்துவிடும். ஒன்றே ஒன்றை மட்டும் சரிசெய்யலாம் என்றால் எதை முதலில் சரிசெய்வீர்கள்? அப்புறம் எதை? முதலாவதோடு ஒப்பிட்டால் இரண்டாவது எத்தனை பங்கு? மொத்தம் 100 வரும்படி ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில், அடுத்தவர் எழுதுவதைப் பார்க்காமல் எழுத வேண்டும்.

நீங்கள் பாதுகாப்பு 40, செலவு 30, இடம் 30 என்று எழுதினீர்கள். உங்கள் கணவர் 25, 25, 50. மாமியார் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "எனக்கு ஏறி இறங்க வந்தா போதும்" என்றாராம். அது எடையில் வராது, மேல் பாதியில் வர வேண்டியது. அங்கே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சேர்த்தால் 'ஆ' அந்த வரியிலேயே நின்றுவிடும், ஆனால் அதை நீங்கள் முடிவு செய்யுங்கள். இப்போதைக்கு உள்ளேயே வைத்துப் பெருக்குகிறேன்.

உங்கள் எடையில் 'அ' 730, 'ஆ' 500, 'இ' 300. உங்கள் கணவர் எடையில் 'அ' 625, 'ஆ' 375, 'இ' 500. ஏழு பேர் வண்டிதான் வேண்டும் என்று ஒரு மாதமாக நிற்பவரின் சொந்தக் காகிதத்திலேயே 'அ' முந்துகிறது. 28, 29, 28ல் ஒளிந்திருந்தது இதுதான்.

இதோடு பேனாவை மூடிவிடாதீர்கள். எண்ணைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டும். 'அ' 14க்குப் பதில் 12தான் கொடுத்தால்? ஐந்து வருடத்தில் 58,000 கூடும், செலவு மார்க் 7லிருந்து 5 ஆகும், உங்கள் எடையில் 730 என்பது 670 ஆகும். ஒன்றும் மாறவில்லை. 'இ' எப்போது ஜெயிக்கும்? இடத்துக்கு ஏறிக்கொண்டே போய்ப் பார்த்தேன். மற்ற இரண்டுக்கும் சமமாகப் பிரித்துக்கொண்டு, இடத்துக்கு 60 கொடுக்கும்போதுதான் 600க்கு 580 என்று மயிரிழையில் முந்துகிறது. ஆகவே கணவரோடு பேச வேண்டியது ஒரே கேள்வி: இடத்துக்கு 60 கொடுக்கும்படியான வாழ்க்கையா உங்களுடையது? ஐந்து பேருக்கு மேல் ஏறும் நாள் வருடத்தில் எத்தனை? "கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கும் தீபாவளிக்கும் கொழுந்தனார் குடும்பம் இறங்கி வரும், மூன்று நாள் இருக்கும்" என்றீர்கள். அந்த மூன்று நாளுக்கு ஏழு சீட் வண்டி வாடகை நாளுக்கு 4,000 என்றாலும் ஐந்து வருடத்துக்கு 60,000. 'அ'வுக்கும் 'இ'க்கும் இடைவெளி 2.15 லட்சம். வீட்டு நிலவரம் மாறி, மாதாமாதம் ஆறு பேர் என்று ஆனால் கதை வேறு. அப்போது இந்தத் தாளையே கிழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

அதேபோல நான்காவதாக ஒரு வண்டியைச் சேர்த்தாலோ, ஒன்றை எடுத்தாலோ பழைய எடையை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். 0, 10 இரண்டும் இந்த மூன்றுக்குள் அளந்தவை. 'ஆ' போய்விட்டால் செலவு இடைவெளி 3 லட்சம் இல்லை, 2.15 லட்சம். சின்னதான இடைவெளிக்கு அதே எடை கொடுத்தால் தாள் பொய் சொல்லும்.

தாளில் வராத ஒன்று மிச்சம் இருக்கிறது, மலை. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 சதவீதம் சக்தியை இழக்கும், மேலே போகும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சிஎன்ஜியில் ஓட்டினால் அதன் மேல் இன்னும் கொஞ்சம். அதனால்தான் 'ஆ'வுக்கு மலை ஏற்றத்தைப் பெட்ரோலில் கணக்கிட்டேன், வளைவில் மூச்சு வாங்கினால் சுவிட்சைத் தட்டிவிடுவீர்கள்.

ஷோரூம் டெஸ்ட் டிரைவ் என்றால் ஐந்து ரோட்டைச் சுற்றி, சமதளத்தில், டிரைவரும் நீங்களும் மட்டும். அது எதையும் காட்டாது. 'அ'வை முன்பணம் கட்டும் முன்பு கோரிமேடு தாண்டி அடிவாரத்துக்குக் கொண்டுபோகக் கேளுங்கள். ஐந்து பேரும் ஏறி, ஏசி போட்டு, ஐந்தாறு வளைவு. வளைவுக்கு முன்னால் இரண்டாம் கியருக்கு வந்து, திரும்பிய பிறகு வண்டி அதே கியரில் இழுத்துக்கொண்டு போகிறதா, முதலுக்கு இறங்கச் சொல்லி முனகுகிறதா என்று கவனியுங்கள். முதலுக்கு இறங்கினால் குற்றமில்லை, ஆனால் பின்னால் பஸ் வரும்போது அது ஒவ்வொரு தடவையும் நடக்கப்போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். இறங்கும்போதும் இரண்டாம் கியர்தான், பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே வராமல். கீழே வந்து நிறுத்தியதும் ஜன்னலை இறக்கி மோந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால் ஓட்டியவர் பிரேக்கை நம்பியிருக்கிறார், கியரை நம்பவில்லை. ஆட்டோமேட்டிக் வாங்குவதாக இருந்தால், கியரைக் கையால் கீழே இறக்கிப் பிடித்துவைக்க முடிகிறதா என்று அங்கேயே செய்து பார்த்துவிடுங்கள்.

ஷோரூமில் மறுத்தால் சனிக்கிழமை வேண்டாம், வாரநாள் காலை பத்து மணிக்குக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். முன் சீட்டில் மாமியார் உட்காரட்டும். வளைவில் பிடித்துக்கொள்ள அவர் கைக்கு எட்டும்படி மேலே பிடி இருக்கிறதா என்று பாருங்கள், சில வண்டிகளில் அதையும் எடுத்துவிட்டார்கள்.